ஐந்தாம் வாரத்துக் கறுப்பு வட்டம்

நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். வீட்டிலேயே செய்த சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு விழுந்துவிட்டது. ஸ்கேன் அறைக்கு வருகிறவர்கள் திரையில் ஒரு குழந்தையின் சாயலையாவது எதிர்பார்த்து வருகிறார்கள். அங்கே தெரிவதோ சாம்பல் நிறத்தில் பேரிக்காய் வடிவிலான கருப்பை, அதன் நடுவில் சற்று வெளுத்த உட்சவ்வு, அந்தச் சவ்வுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கடுகளவில் ஒரு கறுப்பு வட்டம். அவ்வளவுதான். ஸ்கேன் அறையில் இதற்கு ‘சாக்’ என்று பெயர். அறிக்கையில் ஜெஸ்டேஷனல் சாக் என்று எழுதுவார்கள். கரு வளரப்போகும் நீர்ப்பை இது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் நாலரை வாரத்திலிருந்து ஐந்து வாரத்துக்குள் இது கண்ணில் படத் தொடங்கும். அப்போது அதன் விட்டம் 2 அல்லது 3 மில்லிமீட்டர்.

கறுப்பாக இருப்பதற்குக் காரணம் எளிது. ஸ்கேன் கருவி அனுப்பும் ஒலி, திசுக்களுக்குள் இருக்கும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களில் பட்டுச் சிதறித் திரும்பி வருகிறது. திரும்பி வந்த ஒலியைத்தான் கருவி வெளிச்சமாகத் திரையில் காட்டுகிறது. தெளிந்த நீரில் ஒலி சிதறுவதற்கு எதுவும் இல்லை. எதிரொலி வராத இடம் கறுப்பாகிவிடும். ஆனால் கருப்பைக்குள் நீர் தேங்கும் காரணம் கர்ப்பம் மட்டும் அல்ல. இரத்தம் தேங்கலாம், சுரப்பு தேங்கலாம், உட்சவ்வில் ஒரு சிறு நீர்க்கட்டி இருக்கலாம். எல்லாம் கறுப்புத்தான். ஆகவே ஐந்தாம் வாரத்தில் ஸ்கேன் செய்கிறவரின் முதல் வேலை, கறுப்பு வட்டத்தைக் கண்டுபிடிப்பதோடு முடிவதில்லை. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதில்தான் வேலை தொடங்குகிறது.

இந்த வட்டத்தை முதலில் திரைக்குக் கொண்டுவந்தவர்கள் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள். ஐயன் டொனால்ட், ஜான் மெக்விகர், பொறியாளர் டாம் பிரவுன் ஆகிய மூவரும் வயிற்றுக் கட்டிகளை ஒலியால் ஆராயும் கட்டுரையை 1958-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். சில ஆண்டுகளில் டொனால்ட் ஒரு தந்திரத்தைக் கண்டுகொண்டார். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அது குடலை மேலே தள்ளிவிடும். குடலில் உள்ள காற்று ஒலியை மறிக்காது. நீர் நிறைந்த அந்தப் பையின் ஊடாகக் கருப்பையை நன்றாகப் பார்க்கலாம். “தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் முட்டும்போது உள்ளே வாங்க” என்று இன்றைக்கும் ஸ்கேன் மையங்களில் சொல்வது அவர் வழி வந்த பழக்கம்.

வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் அந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஆழத்தில் இருக்கும் கருப்பைக்கு ஒலி போய்ச் சேர வேண்டுமானால் அதிர்வெண் குறைவாக, ஏறத்தாழ 3.5 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்க வேண்டும். அப்போது ஒலியின் அலைநீளம் அரை மில்லிமீட்டரை நெருங்கும். டி.வி.எஸ். என்கிற உள்வழி ஸ்கேனில் கருவியின் முனை பிறப்புறுப்பின் வழியே கருப்பைக்கு மிக அருகில் போய்விடுவதால் 7 மெகாஹெர்ட்ஸ் வரை உயர்த்தலாம். அலைநீளம் பாதியாகிவிடும், படம் அந்த அளவுக்கு நுணுக்கமாகும். இதற்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். ஒரே நாளில் ஒரு பெண்ணை முதலில் தண்ணீர் குடிக்கச் சொல்லி, பிறகு கழிவறைக்குப் போய்வரச் சொல்வது குழப்படி போலத் தெரியும். இரண்டும் இரண்டு ஸ்கேனுக்கான ஏற்பாடு.

சரி, வட்டம் எங்கே உட்கார்ந்திருக்கிறது?

கருப்பையின் குழி என்பது திறந்த பானை போன்ற வெற்றிடம் அல்ல. முன்சுவரின் உட்சவ்வும் பின்சுவரின் உட்சவ்வும் ஒன்றோடொன்று படிந்து கிடக்கின்றன; அவை சேரும் இடம் திரையில் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். கரு அந்தக் கோட்டின் மேல் தங்குவதில்லை. ஒரு பக்கத்து உட்சவ்வைத் துளைத்து உள்ளே புதைந்துகொள்கிறது. எனவே உண்மையான சாக், கோட்டுக்கு ஒரு பக்கமாக, சவ்வின் சதைக்குள் இருக்கும்; கோடு அதன் ஓரமாக ஒட்டிக்கொண்டு போகும். வட்டத்தைச் சுற்றிப் பளிச்சென்ற ஒரு தடித்த வளையமும் இருக்கும். கருவைத் தாங்கும் திசு வளர்ந்து சுற்றிலும் வேர்விடுவதன் அடையாளம் அது. சாக் இன்னும் சற்றுப் பெரிதாகி, கருப்பைக் குழிக்குள் புடைக்கும்போது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள் தெரியலாம். உள்வளையம் சாக்கை மூடியிருக்கும் சவ்வு. வெளிவளையம் எதிர்ச்சுவரின் சவ்வு. அமெரிக்க ரேடியாலஜிஸ்டுகள் இரட்டை வளையத்தை 1980-களின் தொடக்கத்திலும், கோட்டுக்கு ஒதுங்கி நிற்கும் அடையாளத்தை 1986-லும் பதிவு செய்தார்கள். பாடநூல்களில் இரண்டும் நிலைத்துவிட்டன.

இதற்கு எதிர்முனையில் இருப்பது போலி சாக். கரு கருக்குழாயில் தங்கிவிட்ட கர்ப்பத்திலும் ஹார்மோன்கள் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்கின்றன. அதன் நடுக்குழியில் சிறிது இரத்தமோ நீரோ தேங்கினால் அதுவும் கறுப்பாகத் தெரியும். ஆனால் அது கோட்டின் மேலேயே, நட்டநடுவில் இருக்கும். வட்டமாக இருப்பதைவிடக் குழியின் போக்கில் நீண்டு, முனை கூர்ந்திருக்கும். கருவியால் மெல்ல அழுத்தினால் வடிவம் மாறும். உற்றுப் பார்த்தால் உள்ளே துகள்கள் மிதக்கும்.

பாடநூல் படத்தில் இவ்வளவு தெளிவாகப் பிரித்துச் சொல்லிவிடலாம். திரையில் அவ்வளவு தெளிவு கிடைப்பதில்லை. பாஸ்டனைச் சேர்ந்த பீட்டர் டூபிலே, கரோல் பென்சன் என்ற இரு ரேடியாலஜிஸ்டுகள், பின்னாளில் கருப்பைக் கர்ப்பம்தான் என்று உறுதியான பெண்களின் ஆரம்ப ஸ்கேன்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். கணிசமானவர்களிடம் இரட்டை வளையமும் இல்லை, ஒதுங்கிய வட்டமும் தெளிவாக இல்லை. ஒரே படத்தைப் பார்த்த இருவர் அடையாளம் இருக்கிறதா இல்லையா என்பதிலேயே அடிக்கடி வேறுபட்டார்கள். அடையாளம் இருந்தால் நல்லது; இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது என்பது அவர்கள் வாதம்.

அந்த வாதத்துக்குப் பின்னால் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஆயிரம் கர்ப்பங்களில் கருப்பைக்கு வெளியே தங்குபவை ஏறத்தாழ 20. அந்த 20-ல் போலி சாக் தெரிபவை, பல தொகுப்புகளின்படி, பத்தில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோதான். அதாவது இரண்டோ நான்கோ. மற்ற 980 பேரில் பெரும்பாலோரிடம் ஏதோ ஒரு நாளில் உண்மையான சாக், வேறெந்த அடையாளமும் இல்லாத வெறும் கறுப்பு வட்டமாகத் தெரிந்திருக்கும். ஆகவே சோதனை பாசிட்டிவான ஒரு பெண்ணின் கருப்பைக்குள் உருண்டையான நீர்க்குமிழ் தெரிந்தால், அது கர்ப்பமாகவே இருப்பதற்கான வாய்ப்பு மிக மிக அதிகம். வலியோடும் இரத்தப்போக்கோடும் அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களிடையே குழாய்க் கர்ப்பத்தின் விகிதம் கூடும் என்றாலும், கணக்கின் சாய்வு மாறாது.

இந்தச் சாய்வை மறந்தால் விலை பெரிது. குழாய்க் கர்ப்பத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போடுவது வழக்கமான சிகிச்சை. வேகமாகப் பிரியும் செல்களை அது கொல்கிறது. கருப்பைக்குள் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் கருவை ‘போலி சாக்’ என்று நினைத்து அந்த ஊசியைப் போட்டால், கரு அழியலாம். தப்பிப் பிழைத்தால் கடுமையான உருக்குறைகளோடு பிறக்கலாம். இரண்டும் நடந்திருக்கின்றன.

ஐயத்தைத் தீர்ப்பது அடுத்து வரும் வளையம்தான்.

ஐந்தரை வாரம் ஆகும்போது கறுப்பு வட்டத்துக்குள், ஓரத்தில் ஒட்டினாற்போல், இன்னொரு சிறு வளையம் தோன்றும். வெளிவிளிம்பு வெள்ளை, நடுவில் கறுப்பு, விட்டம் 3 மில்லிமீட்டர் அளவு. இதுதான் யோக் சாக். கோழி முட்டையின் மஞ்சள் கருவுக்கு இணையான உறுப்பு என்றாலும், மனிதக் கருவில் இதற்குள் சேமித்த உணவு ஏதும் பெரிதாக இல்லை. தொப்புள்கொடியும் நஞ்சும் வேலையை முழுதாக ஏற்பதற்கு முந்தைய வாரங்களில் தாயிடமிருந்து வரும் சத்துகளைக் கருவுக்குக் கடத்துவது, முதல் இரத்த அணுக்களை உருவாக்குவது, பிற்காலத்தில் முட்டையாகவோ விந்தாகவோ மாறப்போகும் மூலச் செல்களுக்கு முதல் இருப்பிடமாக இருப்பது ஆகியவை இதன் பணிகள். வேலை முடிந்ததும் சுருங்கி, பன்னிரண்டாம் வார வாக்கில் ஸ்கேனில் தெரியாமல் போய்விடும்.

ஸ்கேன் செய்கிறவருக்கு இதன் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இரத்தத் தேக்கத்திலோ நீர்க்கட்டியிலோ யோக் சாக் ஒருபோதும் உருவாகாது. கருப்பைக்குள் இருக்கும் வட்டத்துக்குள் யோக் சாக் தெரிந்துவிட்டால், உள்ளே இருப்பது உண்மையான கர்ப்பம் என்று உறுதியாக எழுதலாம். ‘கருப்பையின் எந்தப் பகுதி’ என்ற கேள்வி மட்டும் மிச்சம். முன்பு சிசேரியன் ஆனவர்களிடம் பழைய தழும்புக்குள்ளேயே சாக் தங்கிவிடுவதுண்டு. கருக்குழாய் கருப்பையோடு சேரும் மூலையிலும் தங்குவதுண்டு. அவற்றிலும் யோக் சாக் அழகாகத் தெரியும். சாக் கருப்பையின் மேற்பாதியில் இருக்கிறதா, அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் போதிய தசை இருக்கிறதா என்று பார்க்காமல் வளையத்தை மட்டும் கண்டு திருப்திப்படுகிறவர் ஏமாறக்கூடும்.

வளையத்தைத் தேடுவதிலும் கைப்பழக்கம் வேண்டும். சாக் என்பது உருண்டை. திரையில் ஒரு நேரத்தில் தெரிவது அதன் ஒரு சீவல்தான். 9 மில்லிமீட்டர் சாக்கில் 3 மில்லிமீட்டர் வளையம் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தால், நடுவில் வெட்டிய சீவலில் அது அகப்படாது. ஆகவே கருவியை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெதுவாகச் சாய்த்து, பிறகு 90 பாகை திருப்பி மறுபடியும் அதேபோல் சாய்த்து, சாக்கை முழுவதும் துழாவ வேண்டும். சின்னஞ்சிறு யோக் சாக் முழு வளையமாகத் தெரியாமல் இரண்டு இணைக்கோடுகளாக மட்டும் தெரிவதும் உண்டு. ஒலிக்கற்றைக்குச் செங்குத்தாக இருக்கும் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நேராகத் திருப்பி அனுப்பும் எதிரொலி பலமானது. பக்கவாட்டு விளிம்புகளில் பட்ட ஒலி வேறு திசையில் போய்விடும். இதை அறியாதவர் “கோடு மாதிரி ஏதோ” என்று கடந்துபோவார்.

‘கெயின்’ என்கிற வெளிச்சக் கட்டுப்பாடு இன்னொரு கண்ணி. அதை அதிகமாக வைத்தால் சாக்குக்குள் பொய்யான சாம்பல் மூட்டம் படர்ந்து வளையத்தை விழுங்கிவிடும். மிகக் குறைத்தால் மெல்லிய வளையமே மறைந்துவிடும். சிறுநீர்ப்பையில் உள்ள நீர் சுத்தமான கறுப்பாகத் தெரியும் அளவுக்குக் கெயினை வைத்துக்கொள்வது எளிய அளவுகோல். உள்வழி ஸ்கேனிலும் பையில் சிறிதாவது நீர் எஞ்சியிருக்கும்.

ஒரு பெண்ணின் நிலையை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். மாதவிலக்கு 34 நாளுக்கு ஒருமுறை வருகிறவர். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 44-ஆம் நாளில் ஸ்கேனுக்கு வருகிறார். கணக்கின்படி 6 வாரம் 2 நாள். கருவும் துடிப்பும் தெரிந்தாக வேண்டிய வாரம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்ததில் வெறும் கறுப்பு வட்டம். உடன் வந்தவர்களின் முகம் வாடிவிடுகிறது.

மருத்துவர் டி.வி.எஸ். செய்கிறார். சாக் கருப்பையின் மேற்பகுதியில், வெள்ளைக் கோட்டுக்கு ஒதுங்கியிருக்கிறது. மூன்று திசையில் அளக்கிறார்: 11, 8, 8 மில்லிமீட்டர். அளவுகோலை நீரின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு வைக்க வேண்டும். சுற்றியுள்ள வெள்ளை வளையத்தைச் சேர்க்கக்கூடாது. சேர்த்தால் இவ்வளவு சிறிய சாக்கில் சில மில்லிமீட்டர் கூடி, வயதே மாறிவிடும். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி 9. இந்த ஆரம்பக் கட்டத்துக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: சாக்கின் சராசரி விட்டத்தோடு 30-ஐக் கூட்டினால் கர்ப்பத்தின் வயது நாட்களில் கிடைக்கும். 39 நாள், அதாவது 5 வாரம் 4 நாள். சாக்கைத் துழாவியதில் 3 மில்லிமீட்டர் யோக் சாக் அகப்படுகிறது. கரு இல்லை. ஐந்தரை வாரத்துக்கு இது பொருத்தமான படம். 34 நாள் சுழற்சியில் முட்டை வெளியாவது ஏறக்குறைய 20-ஆம் நாள். வழக்கமாக எண்ணும் 14-ஆம் நாளைவிட ஆறு நாள் தாமதம். தேதிக் கணக்கும் படமும் முரண்படவில்லை. தேதிக் கணக்குக்கு அந்தத் தாமதம் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் அறிக்கையில் என்ன எழுதப்படுகிறது என்பது முக்கியம். ‘கரு இல்லை’ என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தினால், அடுத்து அதைப் படிக்கிற ஒருவர் கலைந்துபோன கர்ப்பம் என்று முடிவு கட்டக்கூடும். ‘கருப்பைக்குள் கர்ப்பம் உறுதி, யோக் சாக் தெரிகிறது, கரு தெரியும் கட்டம் இன்னும் வரவில்லை, மறுபடி பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் நிலைமை உள்ளபடி தெரியும். இந்தியாவில் இதோடு ‘எஃப்’ படிவமும் நிரப்பப்படும். பாலினத் தேர்வைத் தடுக்க 1994-ல் வந்த சட்டத்தின் கீழ் கர்ப்பிணிக்குச் செய்யும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அது வேண்டும், கடுகளவு சாக்கானாலும்.

மறுபடி எப்போது பார்ப்பது? மூன்றாம் நாளே வரச் சொன்னால் ஒன்றும் தீராது; நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளரும் சாக்கில் அந்த மாற்றம், அளப்பதில் வரும் பிசகுக்குள்ளேயே மறைந்துவிடும். 2013-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்த நெறிமுறை இதற்கு நாள் குறித்தது. முதல் ஸ்கேனில் யோக் சாக் இல்லாத சாக் தெரிந்திருந்தால், இரண்டு வாரமோ அதற்கு மேலோ கழித்தும் துடிக்கும் கரு தென்படாதபோதுதான் கர்ப்பம் நின்றுவிட்டது என்று சொல்லலாம். யோக் சாக்கோடு தெரிந்திருந்தால் 11 நாள் போதும். யோக் சாக் தெரிந்த கர்ப்பம் ஒரு படி முன்னே நிற்கிறது. அதனால் அடுத்த படிக்குக் காத்திருக்கும் காலமும் குறைகிறது. மூன்று மில்லிமீட்டர் வளையம் ஒன்றைக் கவனித்தார்களா இல்லையா என்பது ஒரு குடும்பத்தின் காத்திருப்பில் மூன்று நாளைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கலாம். 2010-ல் அயர்லாந்தில், கரு கலைந்துவிட்டது என்று சொல்லப்பட்டு, பிறகு நல்ல துடிப்போடு இருந்த கர்ப்பங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. அந்நாட்டுச் சுகாதாரத் துறை நாடு தழுவிய ஆய்வு நடத்தியது. அடுத்த ஆண்டு லண்டனைச் சேர்ந்த டாம் போர்ன் குழுவினர், அதுவரை புழங்கிய வரம்புகளைச் சோதித்து எழுதினார்கள். சாக் 16 மில்லிமீட்டரைத் தாண்டியும் கரு தெரியாவிட்டால் கர்ப்பம் நின்றுவிட்டது என்று சில இடங்களிலும், 20 தாண்டினால் என்று வேறு இடங்களிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 16-ஐ வரம்பாக வைத்தால் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் தவறான தீர்ப்பு கிடைக்கும் என்று தெரிந்தது. 20-ல் தவறு வெகுவாகக் குறைந்தாலும் இல்லாமல் போகவில்லை. ஒரே சாக்கை இருவர் அளந்த சோதனை இன்னும் சங்கடமானது: ஒருவர் 20 என்று அளந்ததை இன்னொருவர் 17 என்றோ 24 என்றோ அளக்க முடியும். அந்தப் பிசகுக்கும் இடம் விட்டுத்தான் வரம்பு 25 மில்லிமீட்டர் ஆனது. உள்வழி ஸ்கேனில் சராசரி விட்டம் 25-ஐ எட்டியும் கரு இல்லையென்றால் மட்டுமே ஒரே ஸ்கேனில் தீர்ப்புச் சொல்லலாம். அதற்குக் கீழே உள்ள எல்லாம் ஐயத்துக்குரியவை, தீர்ப்புக்குரியவை அல்ல. யோக் சாக் 7 மில்லிமீட்டரைத் தாண்டிப் பெருத்திருப்பதும் இதே பட்டியலில்தான் வருகிறது: கவலைக்குரிய அறிகுறி, முடிவு அல்ல.

நம் உதாரணத்துப் பெண் 12 நாள் கழித்து வருகிறார். இப்போது தேடுவது எளிது, ஏனென்றால் கரு முதலில் தென்படும் இடம் யோக் சாக்கின் பக்கத்தில்தான். வளையத்தைப் பிடித்துக்கொண்டு அதையொட்டிப் பார்த்தால் போதும். 10 மில்லிமீட்டர் நீளத்தில் கரு கிடக்கிறது. நடுவில் வேகமான துடிப்பு. டாப்ளர் பொத்தானை அழுத்தி லப்டப் ஓசையைக் கேட்கவைக்க வேண்டும் என்று உடன் வந்தவர்கள் விரும்பினாலும், மருத்துவர் எம்-மோடில் துடிப்பின் கோட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார். டாப்ளரில் கருவின் மேல் பாயும் ஒலியாற்றல் கூடுதல். இந்த வாரங்களில் அதைத் தேவையின்றிப் பயன்படுத்துவதில்லை.

நீளம் 10 மில்லிமீட்டர் என்றால் வயது 7 வாரம் 1 நாள். கருவின் நீளத்தை வைத்து வயது சொல்லும் இந்த முறையும் கிளாஸ்கோ தந்ததுதான். ஹியூ ராபின்சன் 1973-ல் வெளியிட்டது. மாதவிலக்குக் கணக்கு இன்றைக்கு 8 வாரம் என்கிறது. வித்தியாசம் ஆறு நாள். ஒன்பது வாரத்துக்குள் இரண்டும் ஐந்து நாளுக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேன் கணக்கையே எடுத்துக்கொள்வது மகப்பேறு மருத்துவர்களிடையே பரவலான விதி. பிரசவ தேதியை ஆறு நாள் தள்ளி எழுதி, பழைய தேதியை அடித்துவிட்டு, அறிக்கை கையெழுத்தாகிறது.